போனில் பேசி முடித்ததை மெயிலில் உறுதிசெய்வது: முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் வீட்டு இன்டீரியர் வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வாடிக்கையாளர்களோடு பேசுவது என் வேலை. புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். வரைபடம் பார்ப்பது, அளவு எடுப்பது எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். வேலை பாதியில் இருக்கும்போது வாடிக்கையாளர் போனில் ஒரு மாற்றம் கேட்பார், பேசி ஒத்துக்கொள்வோம், அதை மெயிலில் எழுதி அவரிடமிருந்து ‘சரி’ வாங்கவேண்டும். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அதனால் இந்த வழிகாட்டி அந்த ஒரு சூழலுக்கு மட்டும்: கொட்டேஷன் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது, முன்பணம் வந்துவிட்டது, நடுவில் போனில் மாற்றம் பேசியாயிற்று. உதாரணத்துக்கு ஒரே வேலையைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். சர்ஜாபூர் ரோட்டில் ஒரு ஃப்ளாட். வாடிக்கையாளர் தமிழர். பேச்சும் தமிழில், மெயிலும் தமிழில். உங்கள் வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் மெயில் பார்ப்பவர் என்றால் மொழியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வரிசை இதேதான்.

## தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

கடைசியாக ஒப்புதல் ஆன கொட்டேஷனின் எண்ணும் தேதியும். ‘பழைய கொட்டேஷன்’ என்று எழுதினால் போதாது, இரண்டு மூன்று திருத்தங்கள் போயிருக்கும். எதன்மேல் இந்த மாற்றம் என்பது தெரியாவிட்டால் கூட்டல் கழித்தல் எல்லாமே ஆட்டம் காணும்.

இதுவரை வந்த பணத்தின் கணக்கு. அக்கவுன்ட்ஸில் கேட்டுச் சரிபார்த்தது, ஞாபகத்திலிருந்து எடுத்தது அல்ல.

உங்கள் ஒப்பந்தத்தில் மாற்றங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது. ‘எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் எந்த மாற்றமும் செல்லாது’ என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். இருந்தால் இந்த மெயில் நல்ல பழக்கம் மட்டுமல்ல, கட்டாயம்.

அப்புறம், ஒரு நோட்டு. போனில் பேசும்போதே எழுத.

## 1. போனை வைப்பதற்கு முன் திருப்பிச் சொல்லுங்கள்

மெயில் வேலை மெயிலில் தொடங்குவதில்லை, பேச்சின் கடைசி இரண்டு நிமிடத்தில் தொடங்குகிறது. பேசி முடித்ததும், “சார், ஒருமுறை சொல்லிடறேன், தப்பா இருந்தா சொல்லுங்க” என்று முடிவானதை மட்டும் வரிசையாகச் சொல்லிவிடுங்கள். முடிக்கும்போது, “இதையே இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மெயில்ல அனுப்பறேன், பார்த்துட்டு ஒரு பதில் போட்டுடுங்க, அப்புறம்தான் ஃபேக்டரிக்குக் கொடுப்பேன்” என்றும் சொல்லுங்கள்.

இதற்கு இரண்டு காரணங்கள். காதில் தவறாக விழுந்தது அங்கேயே திருந்திவிடும். இன்னொன்று, மெயில் வரும்போது அவருக்கு அது திடீரென்று வந்த கடிதமாகத் தெரியாது. முன்னறிவிப்பு இல்லாமல் எண்ணும் தேதியும் போட்ட மெயில் வந்தால், ‘என்ன, என்மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று சிலருக்குத் தோன்றும். நெருங்கிப் பழகிய வாடிக்கையாளர்களிடம் இது இன்னும் அதிகம்.

நம் உதாரணத்தில் செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 14, காலையில் பேச்சு. சமையலறைக் கதவுகள் லேமினேட்டில் வேண்டாம், அக்ரிலிக்கில் வேண்டும் என்றார். இரண்டாவது படுக்கையறையில் அலமாரிக்கு மேல் வரும் லாஃப்ட் வேண்டாம் என்றார். அக்ரிலிக்குக்கு 38,000 கூடும், லாஃப்ட்டை எடுத்தால் 22,000 குறையும் என்று சொன்னோம். “சரி, பதினாறு கூட வருது, பரவாயில்ல” என்றார். அக்ரிலிக் ஷீட் வர நாளாகும், அதனால் வீட்டை ஒப்படைப்பது நவம்பர் 15-லிருந்து 22-க்குப் போகும் என்றதற்கும் சரி என்றார். கடைசியில், “மிக்சிக்குப் பக்கத்துல இன்னொரு ப்ளக் பாயின்ட் இருந்தா நல்லா இருக்கும்ல?” என்றார். “பார்க்கலாம் சார்” என்று பதில் போயிற்று.

## 2. குறிப்பை மூன்றாகப் பிரியுங்கள்

போனை வைத்த உடனே, அடுத்த அழைப்பை எடுப்பதற்கு முன், நோட்டில் எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள்: முடிவானவை, முடிவாகாதவை, நாம் இன்னும் கேட்கவேண்டியவை.

ஒன்று முடிவானதா இல்லையா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. என்ன செய்வது, எவ்வளவு, எப்போது என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறதா? அதற்கு அவர் தெளிவாக ‘சரி’ என்றாரா? ஆமாம் என்றால் முடிவு. அக்ரிலிக் முடிவு, லாஃப்ட் முடிவு, தேதி முடிவு. ப்ளக் பாயின்ட் முடிவு அல்ல. விலை பேசவில்லை, எலக்ட்ரீஷியன் பார்க்கவில்லை, நாமும் ‘பார்க்கலாம்’ என்றுதான் சொன்னோம்.

புதியவர்கள் ப்ளக் பாயின்ட்டை இரண்டு விதத்தில் தவறாகக் கையாள்வார்கள். ஒருவர் அதை எழுதாமலே விட்டுவிடுவார். வாடிக்கையாளரோ கேட்டாகிவிட்டது, செய்துவிடுவார்கள் என்று காத்திருப்பார். ஒப்படைக்கும் நாளில், டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரைக் காட்டி ‘பாயின்ட் எங்கே?’ என்பார். இன்னொருவர் அதையும் முடிவானவற்றோடு சேர்த்து எழுதிவிடுவார். விலை போடாததால் அது இலவசம் ஆகிவிடும். முடிவாகாததை ‘முடிவாகாதவை’ என்ற தலைப்பில் எழுதுவதுதான் சரி. அதை யார், எந்தத் தேதிக்குள் முடிப்பது என்பதும் கூடவே வரவேண்டும்.

மூன்றாவது பட்டியலில் என்ன வரும்? அக்ரிலிக் என்று பேசினோம், நிறம் பேசினோமா? பளபளப்பா, மேட்டா? இதெல்லாம் போனில் விட்டுப்போகும். கேட்காமல் நீங்களே ஒன்றை ஊகித்து மெயிலில் எழுதிவிடாதீர்கள்.

## 3. தொகையைக் கடைசி ரூபாய்வரை போட்டுப் பாருங்கள்

தகராறுகளில் பெரும்பகுதி பணத்தில் வருகிறது. அதிலும் பேசாமல் விட்ட பகுதியில்தான் வருகிறது. அதனால் இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் ‘பதினாறு கூட வருது’ என்றபோது அவர் மனதில் இருந்தது 16,000 ரூபாய். நம் கொட்டேஷனில் விலை எல்லாம் ஜிஎஸ்டி சேர்க்காதது. 18% சேர்த்தால் அவர் கூடுதலாகக் கட்டவேண்டியது 18,880. இந்த 2,880 ரூபாயை யாரும் மறைக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. கடைசி பில்லில் முதன்முதலாக இதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வருவது நியாயம். இன்றே மெயிலில் பார்த்தால் ஒரு கேள்வியோடு முடிந்துவிடும்.

மொத்தக் கணக்கு இப்படி வருகிறது. பழைய கொட்டேஷன் 4,60,000, ஜிஎஸ்டி 82,800, ஆக 5,42,800. மாற்றத்துக்குப் பின் 4,76,000, ஜிஎஸ்டி 85,680, ஆக 5,61,680.

இனி தவணை. ஒப்பந்தப்படி 50% முன்பணம், 40% ஃபேக்டரியிலிருந்து பொருள் கிளம்பும் முன், 10% ஒப்படைக்கும்போது. முன்பணமாக வந்தது பழைய தொகையில் பாதி, அதாவது 2,71,400. இப்போது புதிய தொகையில் 40% என்று கணக்கிட்டால் அடுத்த தவணை 2,24,672 என்று வரும். கடைசி 10% என்பது 56,168. மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 5,52,240. மொத்தத்துக்கு 9,440 குறைகிறது. முன்பணம் பழைய தொகையின்மேல் வாங்கியது, அதனால் இந்த இடைவெளி. பெரும்பாலும் இது கடைசி நாளில்தான் கண்ணில் படும். அப்போது ‘இன்னும் 9,440’ என்று கேட்பது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம்.

சரியான வழி, அந்தக் கட்டத்துக்குள் மொத்தம் எவ்வளவு வந்திருக்கவேண்டும் என்று பார்த்து, வந்ததைக் கழிப்பது. பொருள் கிளம்பும் முன் 90% வந்திருக்கவேண்டும்: 5,05,512. அதில் 2,71,400 வந்துவிட்டது, பாக்கி 2,34,112. ஒப்படைக்கும்போது 56,168. மூன்றும் சேர்ந்து 5,61,680. இடைவெளியை எந்தத் தவணையில் வசூலிப்பது என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லியே செய்யுங்கள். போனில் பேசவில்லை என்றால், பேசவில்லை என்று மெயிலில் எழுதிக் கேளுங்கள்.

## 4. யாருக்கு அனுப்புவது

போனில் பேசியவர் கணவர். கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டிருப்பது இருவரும். நிறம், அமைப்பு எல்லாம் தேர்ந்தெடுத்தவர் மனைவி. மெயில் கணவருக்கு மட்டும் போனால், ‘லாஃப்ட் வேண்டாம்னு நான் எப்போ சொன்னேன்?’ என்ற கேள்வி ஒரு மாதம் கழித்து சைட்டில் வரும். அவர் கேட்பதில் தவறும் இல்லை.

அதனால் பெறுநர் இடத்தில் கையெழுத்துப் போட்ட இருவர் முகவரியும் இருக்கட்டும். சிசியில் உங்கள் பக்கத்தில் இந்த முடிவால் வேலை மாறுகிறவர்கள்: ஃபேக்டரி பொறுப்பாளர், அக்கவுன்ட்ஸ். இதற்குமேல் கூட்டம் சேர்க்காதீர்கள். ஆள் கூடக் கூட வாடிக்கையாளர் பதில் எழுத யோசிப்பார். மறைநகலில், அதாவது பிசிசியில், யாரையும் போடவேண்டாம். அப்படி இருப்பவர் தெரியாமல் ‘எல்லோருக்கும் பதில்’ அழுத்தினால் விஷயம் வெளியே வரும், அதன்பிறகு நம்பிக்கையை மீட்பது கஷ்டம்.

பழைய கொட்டேஷன் போன அதே மெயில் தொடரில் பதிலாக அனுப்புங்கள். ஜிமெயிலில் தலைப்பு வரியை மாற்றினால் அது தனித் தொடராகப் பிரிந்துவிடும். வேலை நீளமானது, தொடர் ஏற்கெனவே ஐம்பது மெயில் தாண்டிவிட்டது என்றால் வேண்டுமென்றே புதிதாகத் தொடங்கலாம். ஆனால் தலைப்பில் ஃப்ளாட் எண், மாற்றத்தின் வரிசை எண், தேதி மூன்றும் இருக்கவேண்டும். ‘இன்றைய பேச்சு பற்றி’ என்ற தலைப்பை மூன்று மாதம் கழித்து யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

## 5. மெயிலை எழுதுங்கள்

நான் அனுப்பும் அமைப்பு இது. முழுதாகத் தருகிறேன். பிறகு ஏன் இப்படி என்று சொல்கிறேன்.

> தலைப்பு: பி-704 / மாற்றம் 2 / அக்டோபர் 14 போனில் பேசியது / உங்கள் ஒப்புதலுக்காக
>
> வணக்கம் சார், மேடம்,
>
> இன்று (செவ்வாய், அக்டோபர் 14) காலை சாரிடம் போனில் பேசியதில் முடிவானவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒப்புதலான கொட்டேஷன் திருத்தம் 3-இன் மேல் வரும் மாற்றங்கள் இவை. இதில் சொல்லாத எதுவும் மாறவில்லை.
>
> முடிவானவை
>
> 1. சமையலறையின் மேல், கீழ் அலமாரிக் கதவுகள் லேமினேட்டுக்குப் பதில் அக்ரிலிக். உள்பெட்டி ப்ளைவுட், கீல்கள், கைப்பிடிகள் கொட்டேஷனில் உள்ளபடியே. கூடுதல் ரூ.38,000.
> 2. இரண்டாவது படுக்கையறை அலமாரிக்கு மேல் லாஃப்ட் இல்லை. அலமாரியின் உயரம் மாறாது. மேலே உள்ள இடம் திறந்தே இருக்கும். குறைவது ரூ.22,000.
> 3. வீட்டை ஒப்படைக்கும் நாள் நவம்பர் 15, சனிக்கிழமைக்குப் பதில் நவம்பர் 22, சனிக்கிழமை.
>
> தொகை
>
> நிகரக் கூடுதல் ரூ.16,000. ஜிஎஸ்டி 18% ரூ.2,880. ஆக ரூ.18,880.
> புதிய மொத்தம், ஜிஎஸ்டி உட்பட: ரூ.5,61,680. இதுவரை வந்தது: ரூ.2,71,400.
>
> போனில் பேசாதது, இப்போது கேட்பது
>
> 4. முன்பணம் பழைய தொகையின்மேல் கணக்கிட்டது. அதனால் அடுத்த தவணை (பொருள் கிளம்பும் முன்) ரூ.2,34,112, கடைசித் தவணை ரூ.56,168 என்று வைக்கலாமா?
> 5. அக்ரிலிக்கின் நிறமும், பளபளப்பா மேட்டா என்பதும் பேசவில்லை. நிறப் பட்டியலை இணைத்திருக்கிறேன். எண்ணைக் குறிப்பிடுங்கள்.
>
> முடிவாகாதது
>
> 6. மிக்சி பக்கம் கூடுதல் ப்ளக் பாயின்ட். எலக்ட்ரீஷியன் அக்டோபர் 18, சனிக்கிழமை பார்த்தபின் விலை சொல்கிறேன். அதுவரை இது வேலையில் சேராது.
>
> கட்டிங் லிஸ்ட் அக்டோபர் 17, வெள்ளி காலை ஃபேக்டரிக்குப் போகவேண்டும். போனபின் 1, 2 இரண்டையும் மாற்ற முடியாது. அக்டோபர் 16, வியாழன் மாலை 6 மணிக்குள், ‘1 முதல் 4 வரை சரி, 5-க்கு நிறம் இது’ என்று இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். நான் எதையாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் எண்ணைக் குறிப்பிட்டுத் திருத்துங்கள். உங்கள் பதில் வந்தபின்தான் ஃபேக்டரிக்குக் கொடுப்பேன். தாமதமானால் நவம்பர் 22 தேதியும் தள்ளிப்போகும்.

இதில் கவனிக்கவேண்டியவை சில உண்டு.

‘இதில் சொல்லாத எதுவும் மாறவில்லை’ என்ற வரியை விடாதீர்கள். அது இல்லாவிட்டால், இந்த மெயிலில் வராத ஹால் டிவி யூனிட் கைவிடப்பட்டதா, அப்படியே இருக்கிறதா என்ற சந்தேகம் பின்னால் எழும். அதே காரணத்துக்காகத்தான் முதல் எண்ணில் எது மாறுகிறது என்பதோடு எது மாறவில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். அக்ரிலிக் என்றதும் உள்ளே இருக்கும் ப்ளைவுட்டும் தரம் உயரும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது எண்ணில், லாஃப்ட் இல்லை என்பதோடு நிற்கவில்லை. ‘மேலே உள்ள இடம் திறந்தே இருக்கும்’ என்றும் சொல்லியிருக்கிறேன். லாஃப்ட்டை வேண்டாம் என்ற பலர், அலமாரி கூரைவரை உயரும் என்று மனதில் வைத்திருப்பார்கள். முடிவை எழுதும்போது, அது நிறைவேறிய பிறகு கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வரி சேருங்கள். மறைந்திருக்கும் புரிதல் வேறுபாடுகள் அந்த வரியில்தான் வெளியே வரும்.

போனில் பேசாததைத் தனித் தலைப்பில் வைத்திருப்பதுதான் இந்த மெயிலின் உயிர். பேசாத ஒன்றை, நமக்கு நியாயமாகவே தோன்றினாலும், ‘முடிவானவை’ பட்டியலுக்குள் நுழைத்தால் வாடிக்கையாளர் ஒருமுறை அதைக் கண்டுபிடித்துவிடுவார். அதன்பிறகு நீங்கள் அனுப்பும் எந்த மெயிலையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். நாம் வாக்குக் கொடுத்தது எதையும், நமக்குச் சாதகமில்லை என்று விட்டுவிடவும் கூடாது. இரண்டு பக்கமும் சரிபார்க்கத்தான் இது.

எண் போட்டது எதற்கு? வாடிக்கையாளர் ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில், போனில் ஒரு கையால் பதில் தட்டுவார். ‘1-4 சரி, 5 அப்புறம்’ என்று எழுதுவது அவருக்குச் சுலபம். பத்திகளாக எழுதினால் ‘ஓகே’ என்று மட்டும் வரும். எதற்கு ஓகே என்று யாருக்கும் தெரியாது.

‘நீங்கள் ஒப்புக்கொண்டபடி’ என்று எழுதவேண்டாம். அது மிரட்டுவதுபோல் ஒலிக்கும். ‘பேசியதில் முடிவானவை’ போதும். ‘அடுத்த வெள்ளி’, ‘தீபாவளி கழிந்து’ என்றும் வேண்டாம். தேதியும் கிழமையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் யாராவது ஒருவர் உடனே கவனித்துவிடுவார்.

முடிவுகள் மெயிலின் உடலிலேயே இருக்கவேண்டும். இணைப்பில் மட்டும் வைத்தால் பாதிப்பேர் திறக்கமாட்டார்கள். திருத்திய கொட்டேஷனையும் சேர்ப்பதாக இருந்தால் பிடிஎஃப் ஆக இணையுங்கள். டிரைவ் லிங்க் வேண்டாம். லிங்க்கில் இருக்கும் கோப்பைப் பின்னால் யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அன்று பார்த்தது எது என்று காட்டமுடியாது. ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பியைத் தாண்டினால் அது தானாகவே டிரைவ் லிங்க் ஆகிவிடும், கவனியுங்கள். படங்களைச் சிறிதாக்கி அனுப்புங்கள்.

## 6. அன்றே அனுப்புங்கள், கெடுவை வேலையோடு கட்டுங்கள்

காலையில் பேசினால் மாலைக்குள், மாலையில் பேசினால் மறுநாள் காலைக்குள். இரண்டு நாள் கழித்து எழுதினால் உங்கள் ஞாபகமும் அவர் ஞாபகமும் விலகத் தொடங்கியிருக்கும். அதற்குள் அவர் வீட்டில் வேறு யாரிடமாவது பேசி, மனதில் இன்னொரு மாற்றமும் வந்திருக்கும். அன்று முடிவானது எது, பிறகு தோன்றியது எது என்று பிரிக்கமுடியாது.

கெடுவை ‘சீக்கிரம் பதில் தரவும்’ என்று விடாதீர்கள். கட்டிங் லிஸ்ட் என்று போகிறது என்பதோடு கட்டினால், அந்தத் தேதி ஏன் என்பது அவருக்கே புரியும். வெள்ளி காலை ஃபேக்டரிக்குப் போகவேண்டும் என்றால், கெடு வியாழன் மாலை. நடுவில் ஒரு இரவு இருப்பது, திருத்தம் வந்தால் சரிசெய்ய. பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷீட் அறுபட்டபின் வரும் திருத்தத்துக்கு விலை வேறு.

## 7. வந்த பதிலைக் கவனமாகப் படியுங்கள்

‘சரி’ என்று மேலே பார்த்ததும் மூடிவிடாதீர்கள். பலர் உங்கள் மெயிலுக்குள்ளேயே, ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் பதில் எழுதுவார்கள். ஜிமெயில் பழைய மெயிலின் பகுதியை மூன்று புள்ளிகளுக்குள் சுருட்டி மறைத்துவிடும். மேலே ‘பார்த்துவிட்டேன், பதில் கீழே’ என்று மட்டும் தெரியும், சிலசமயம் அதுவும் இருக்காது. அந்தப் புள்ளிகளின்மேல் `Show trimmed content` என்று வரும். அதை விரித்துப் பார்க்காமல் எந்த ஒப்புதலையும் ஃபேக்டரிக்கு அனுப்பாதீர்கள். கதவின் நிறம் அந்தச் சுருட்டலுக்குள் மாறியிருக்கலாம்.

நம் உதாரணத்தில் புதன் இரவு பதில் வருகிறது: “1, 3, 4 சரி. 2-இல், லாஃப்ட் இல்லாத இடத்தில் தூசி சேருமே, மேலே ஒரு மூடி பலகை வைக்கமுடியுமா? நிறம் 14, மேட்.”

இது ஒப்புதல் அல்ல. சிலவற்றுக்கு ஒப்புதலும் ஒன்றுக்குப் புதுக் கோரிக்கையும் கலந்த பதில். இங்கே புதியவர் செய்வது, ‘சரி சார், வைத்துவிடலாம்’ என்று ஒரு வரி போட்டு முடிப்பது. மூடி பலகைக்கு விலை என்ன, எந்தப் பொருள், யார் செலவு? எதுவும் எழுத்தில் இல்லை. செய்யவேண்டியது, வியாழன் காலை போன் செய்து அந்த ஒன்றை மட்டும் பேசி முடிப்பது. அப்புறம் திருத்திய பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை முழுதாக மறுபடி அனுப்புவது. ‘கீழே உள்ளதே இறுதி, புதன் வந்த உங்கள் பதிலையும் இன்று காலை பேசியதையும் சேர்த்தது, செவ்வாய் மெயிலுக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று மேலே ஒரு வரி. மாறிய எண்ணை மட்டும் அனுப்பினால், முடிவு நான்கு மெயில்களில் சிதறிக் கிடக்கும். சைட்டில் நிற்கும் தச்சரோ சூப்பர்வைசரோ நான்கையும் சேர்த்துப் படிக்கமாட்டார்.

பதில் வாட்ஸப்பில் கட்டைவிரலாக வந்தால்? அடிக்கடி நடப்பதுதான். அதை மறுக்கவேண்டாம். அதே மெயில் தொடரில், ‘இன்று மாலை 4.10-க்கு வாட்ஸப்பில் சம்மதம் தெரிவித்தீர்கள், நன்றி. பதிவுக்காக இங்கேயும் ஒரு ‘சரி’ போட்டுவிடுங்கள்’ என்று எழுதுங்கள். குரல் செய்தியாக வந்தால், அதில் சொன்னதை எழுத்தாக்கி அனுப்பிச் சரி வாங்குங்கள்.

## 8. பதிலே வராவிட்டால்

‘24 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்’ என்று எழுதிவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் உண்டு. அதை நம்பாதீர்கள். ஒருவர் பேசாமல் இருப்பதை மட்டும் வைத்து அவர் சம்மதித்தார் என்று ஒப்பந்தச் சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், படிக்காத மெயிலின் பெயரில் அவர் வீட்டுக் கதவை அறுத்துவிட்டு அவரிடம் பணம் கேட்பது நன்றாக இருக்காது.

கெடு நாளன்று மதியம் ஒரு போன். “சார், மெயில் பார்த்தீங்களா? நாளைக்குக் காலையில ஃபேக்டரிக்குக் கொடுக்கணும்.” பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். ஸ்பாமில் விழுந்திருக்கும், இல்லை ஆபீஸ் முகவரிக்குப் போயிருக்கும். போனிலேயே சரி என்றால், “நீங்க பேசிட்டே இருக்கும்போதே ஒரு சரி தட்டிடுங்களேன்” என்று கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை.

கெடு தாண்டியும் வரவில்லையா? மாற்றம் சம்பந்தப்பட்ட வேலையை மட்டும் நிறுத்திவையுங்கள், மற்றவை நடக்கட்டும். ‘1, 2 இரண்டும் உங்கள் பதிலுக்காக நிற்கின்றன. ஹால் டிவி யூனிட் வேலை தொடர்கிறது. பதில் வரும் நாளைப் பொறுத்து ஒப்படைக்கும் தேதியைத் திருத்திச் சொல்கிறேன்’ என்று அன்றே எழுதுங்கள். தாமதம் எங்கிருந்து தொடங்கியது என்பதற்கு அதுவே பதிவு. ‘இனியும் தாமதித்தால்’ என்ற தொனி வேண்டாம், நடப்பதை மட்டும் சொல்லுங்கள்.

## 9. மெயிலை எப்படி வைத்துக்கொள்வது

வாய்ப்பேச்சில் செய்த ஒப்பந்தமும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். என்ன பேசினோம் என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம், அந்தக் காரணத்துக்காக மட்டும் செல்லாததாகிவிடாது என்று 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்டுவதற்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. இந்தப் பிரிவுகளை வாடிக்கையாளருக்கு மெயிலில் எழுதத் தேவையே இல்லை. நமக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: மூல மெயில் அழியாமல் இருக்கவேண்டும்.

அதனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு மெயிலை அழித்துவிடாதீர்கள். ஒப்புதல் வந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Download message` கொடுத்தால் `.eml` கோப்பாக இறங்கும். யார், எப்போது, எந்த வழியாக அனுப்பினார்கள் என்ற விவரம் எல்லாம் அதற்குள் இருக்கும். வேலையின் ஃபோல்டரில் ‘மாற்றம் 2 ஒப்புதல்’ என்று பெயரிட்டுப் போடுங்கள். ஆபீஸை விட்டுப் போகும் ஊழியரின் மெயில் கணக்கு மூடப்படும், அவர் கணக்கில் மட்டும் இருந்த ஒப்புதலும் அதோடு போய்விடும். இதற்காகவே பொது முகவரி ஒன்றையும் சிசியில் வைத்திருப்பது நல்லது.

கடைசியாக, ஒப்புதல் வந்த மெயிலில் உள்ள வாசகங்களை அப்படியே கட்டிங் லிஸ்ட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி, ‘மாற்றம் 2’ என்று எண் போட்டு ஃபேக்டரிக்குக் கொடுங்கள். உங்கள் சொல்லில் சுருக்கி எழுதவேண்டாம். வெள்ளி காலை அறுக்கப்படும் ஷீட்டின் நிறம், வாடிக்கையாளர் தட்டிய அந்த ‘14, மேட்’ என்பதோடு ஒத்துப்போகிறதா என்று ஃபேக்டரி பொறுப்பாளரிடம் போனில் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டபின் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.